பிரெஞ்சில் நெடில் எங்கே விழுகிறது?

காபி, மேடம், டாக்டர், சாக்லேட், ரேடியோ, மேரி, பாரிஸ். தமிழில் நாம் தினமும் புழங்கும் இந்தச் சொற்களை வரிசையாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முதல் எழுத்து நெடில். இவை ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம் இருக்கிறது, அதை நம் காது நெடிலாக வாங்கிக்கொண்டது. இப்போது இதே சொற்களைப் பிரெஞ்சுக்காரர் எப்படிச் சொல்வார் என்று பாருங்கள்: கஃபே, மதாம், தொக்தேர், ஷொகொலா, ரதியோ, மரீ, பரீ. நெடில் அப்படியே கடைசிக்குப் போய்விட்டது.

பிரெஞ்சு கற்கும் தமிழர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வரிசைகளைத்தான். உச்சரிப்பு என்றதும் எல்லோரும் தொண்டையில் உரசும் 'ர'வையும் மூக்கொலிகளையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவை சுமாராக வந்தாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். நெடில் தவறான இடத்தில் விழுந்தால், ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தும் வாக்கியம் பிரெஞ்சாகவே கேட்காது. சில சமயம் பொருளும் மாறிவிடும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. பிரெஞ்சு எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். தமிழ் எழுத்தால் பிரெஞ்சின் எல்லா ஒலிகளையும் காட்ட முடியாது. 'ப'வும் 'த'வும் வல்லொலியா மெல்லொலியா என்பது எழுத்தில் தெரியாது, உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்வது போன்ற அவர்களுடைய 'உ'வுக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. ஆனால் குறில், நெடில் என்ற பிரிவு நம் எழுத்திலேயே இருப்பதால், பிரெஞ்சின் தாளத்தைக் காட்டப் பிரெஞ்சு எழுத்தைவிடத் தமிழ் எழுத்து நன்றாகவே உதவுகிறது. குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் படித்தால் போதும்.

சரி, கடைசி அசை நெடில் என்று சொன்னோம். எதன் கடைசி அசை? சொல்லின் கடைசி என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 'பரீ' என்று தனியாகச் சொன்னால் 'ரீ' நீளும். கஃபே என்றால் 'ஃபே' நீளும். ஆனால் பால் விடாத காபியைக் கேட்கும்போது பிரெஞ்சில் 'க-ஃபெ-நுவார்' என்பார்கள். இப்போது 'ஃபே' குறுகி 'ஃபெ' ஆகிவிட்டது. நீளம் 'நுவார்' என்பதற்குப் போய்விட்டது. மரீ என்பது ஒரு பெண்ணின் பெயர். அதே பெயர் இயற்பியலாளர் மரி குரீயின் பெயரில் வரும்போது 'ம-ரி-கு-ரீ' என்று ஆகிறது. மரீயின் 'ரீ' 'ரி' ஆகிவிட்டது, சொல் அப்படியே இருக்கிறது.

தமிழில் இப்படி நடக்க வழியே இல்லை. 'பல்' என்பதும் 'பால்' என்பதும் வேறு வேறு சொற்கள். நெடில் அந்தச் சொல்லுக்கே சொந்தம், வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் கூடவே வரும். பிரெஞ்சில் நெடில் சொல்லுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் நீளுவார்கள். வழக்கமாகத் தன் உயிரையே பாதி விழுங்கிவிடும் 'ல' என்ற சின்னச் சொல் கூட அப்படித்தான். 'அவனை' என்ற பொருளில் வரும் அந்தச் சொல், வினைக்கு முன்னால் நிற்கும்போது காதிலேயே விழாது: 'ஜல்-வுவா', அதாவது 'நான் அவனைப் பார்க்கிறேன்'. கட்டளையில் அதே சொல் கடைசிக்கு வருகிறது: 'ர-கர்த்-லே', 'அவனைப் பார்'. 'ல்' என்று தேய்ந்து கிடந்தது இங்கே முழு நெடிலாக எழுந்து நிற்கிறது.

அந்த இடம் எது என்றால், தாளத் தொகுதியின் கடைசி அசை. பிரெஞ்சு ஆசிரியர்கள் 'க்ரூப் ரித்மீக்' என்று சொல்வது இதைத்தான். பொருளால் ஒட்டிக்கொண்டிருக்கும் சில சொற்கள் சேர்ந்து ஒரே மூச்சில், ஒரே நீண்ட சொல்லைப் போல ஒலிப்பதுதான் தாளத் தொகுதி. சாதாரணப் பேச்சில் ஒரு தொகுதிக்கு மூன்று நான்கு அசைகள் இருக்கும். ஆறு ஏழு வரை போகும், அதற்கு மேல் போனால் பேசுபவர் தானாகவே இன்னொரு இடத்தில் நீட்டி அதை இரண்டாக்கிவிடுவார். நிதானமாகப் படிப்பவர் சின்னச் சின்னத் தொகுதிகளாகப் பிரிப்பார், அவசரத்தில் பேசுபவர் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவார். ஆனால் எங்கு வேண்டுமானாலும் வெட்ட முடியாது. பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொற்களையும், வினைக்கு முன்னால் வரும் 'நான்', 'அவன்' போன்ற எழுவாய்ச் சொற்களையும் அவை சார்ந்திருக்கும் சொல்லிலிருந்து பிரிக்கவே கூடாது.

தொகுதிக்குள் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. 'அவன் பாரிஸில் வசிக்கிறான்' என்பதைப் பிரெஞ்சில் எழுதினால் நான்கு சொற்கள்: இல், அபீத், அ, பரீ. பேசினால் 'இ-ல-பி-த-ப-ரீ'. ஆறு அசைகள், ஒவ்வொன்றும் மெய்யில் தொடங்கி உயிரில் முடிகிறது, முதல் அசையைத் தவிர. 'இல்' என்பதன் 'ல்' அடுத்த சொல்லின் 'அ'வோடு சேர்ந்து 'ல' ஆகிவிட்டது. 'அபீத்' என்பதன் 'த்' அடுத்த 'அ'வோடு சேர்ந்து 'த' ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்துத் தனிப் பாடமாக நடத்துகிறார்கள். நமக்கு இது பழைய செய்தி: 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூல் சொன்ன அதே புணர்ச்சிதான். 'அவன் இங்கே' என்பதை 'அவனிங்கே' என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு 'இலபிதபரீ' ஒரு சிரமமே இல்லை. ஆனாலும் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் சொல் சொல்லாக வெட்டி 'இல், ஹாபித், ஆ, பாரிஸ்' என்று படிக்கிறார்கள். நான்கில் மூன்று சொல்லுக்கு முதலிலேயே ஒரு நெடில், நான்குக்கும் தனித்தனியாக ஒரு நிறுத்தம். கேட்பவருக்கு இது நான்கு தொகுதிகளாக, நான்கு தனிச் செய்திகளாகப் போய்ச் சேர்கிறது.

எழுத்தில் இருந்தும் பேச்சில் ஒலிக்காத கடைசி மெய் ஒன்று, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் திடீரென்று ஒலிப்பதும் தொகுதிக்குள்தான் பெரும்பாலும் நடக்கிறது. 'நண்பர்கள் வருகிறார்கள்' என்பது 'லெ-ஸ-மீ | அ-ரீவ்'. 'லெ' என்ற முதல் சொல்லின் கடைசியில் எழுத்தில் ஓர் 'ஸ்' இருக்கிறது. அது தொகுதிக்குள் இருப்பதால் 'ஸமீ' என்று ஒலிக்கிறது. நண்பர்கள் என்ற சொல்லின் கடைசியிலும் அதே 'ஸ்' எழுதப்பட்டிருக்கிறது. எழுவாய்ப் பெயர் முடிந்து வினை தொடங்கும் எல்லை அது என்பதால், அடுத்து 'அ' வந்தும் ஒலிக்கவில்லை. 'லெஸமிஸரீவ்' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஸ்பானியமும் இத்தாலியமும் பிரெஞ்சும் லத்தீனின் பிள்ளைகள்தான். மற்ற இரண்டிலும் சொல்லுக்குச் சொல் அழுத்தம் இருக்கிறதே, பிரெஞ்சுக்கு மட்டும் ஏன் இப்படி? லத்தீனில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையிலோ அதற்கும் முந்தியதிலோ விழும். பிரெஞ்சாக மாறிய வட்டாரங்களில் பல நூற்றாண்டுகளில் அழுத்தம் விழுந்த அசைக்குப் பின்னால் வந்த உயிர்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து உதிர்ந்தன. பெண் என்ற பொருளுள்ள லத்தீன் 'ஃபேமினா' மூன்று அசைகள் கொண்டது, முதல் அசையில் அழுத்தம். பிரெஞ்சில் அது 'ஃபாம்' என்ற ஒற்றை அசை. மனிதனைக் குறிக்கும் 'ஹொமினெம்' பிரெஞ்சில் 'ஒம்' ஆனது. ஸ்பானியத்தில் 'ஒம்ப்ரே' என்று இரண்டு அசையோடு தப்பித்தது. வால் உதிர உதிர, அழுத்தம் இருந்த அசையே கடைசி அசையாகிவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் கடைசியில்தான் அழுத்தம் என்று ஆன பிறகு, அதை வைத்து ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. சொல்லுக்கு வேலையில்லாமல் போன அந்த அழுத்தத்தைத் தொகுதி எடுத்துக்கொண்டது.

இதன் விளைவு பிரெஞ்சுக்காரர்களின் காதிலேயே தெரிகிறது. ஸ்பானியத்தில் 'பேபெ' என்றால் குடிக்கிறான், 'பெபே' என்றால் குழந்தை. அழுத்தம் மட்டும்தான் வித்தியாசம். இப்படி அழுத்தத்தால் மட்டும் வேறுபடும் பொருளற்ற சொற்களைக் கேட்கவைத்து, எமானுவேல் துப்பூவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்பானியம் பேசுபவர்கள் எளிதாகப் பிரித்துச் சொன்னவற்றைப் பிரெஞ்சு பேசுபவர்கள் பிரித்தறியத் தடுமாறினார்கள். அவர்கள் காது மந்தம் என்று இதற்குப் பொருள் இல்லை. நெடில் விழுந்தால் 'இங்கே ஒரு தொகுதி முடிகிறது' என்று மட்டும் எடுத்துக்கொள்ளச் சிறு வயதிலிருந்தே பழகிய காது அது. ஆகவே 'பாரிஸ்' என்று முதல் அசையை நீட்டிச் சொன்னால், 'பா' என்ற இடத்தில் ஏதோ முடிந்துவிட்டது என்றுதான் அந்தக் காது முதலில் நினைக்கும்.

இந்த நெடிலே பொருளைத் தீர்மானிக்கும் ஒரு வாக்கியம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிகளில் பழைய விளையாட்டு அது. எழுதினால் ஐந்து சொற்கள்: ல, ப்தீத், ப்ரீஸ், ல, க்லாஸ். 'ப்தீத்' என்றால் சின்ன என்ற அடைமொழி, அல்லது சின்னப் பெண். 'ப்ரீஸ்' என்றால் இளங்காற்று, அல்லது உடைக்கிறாள். கடைசிக்கு முந்திய 'ல' பெயருக்கு முன் வரும் சுட்டாகவும் இருக்கலாம், 'அவளை' என்றும் இருக்கலாம். 'க்லாஸ்' என்றால் பனிக்கட்டி, அல்லது சில்லிட வைக்கிறது. எழுத்தில் இரண்டு வாக்கியங்களும் ஒன்றே, ஒரு புள்ளி கூட மாறாது.

இப்போது பேசிப் பாருங்கள். 'லப்-தீத் | ப்ரிஸ்-ல-க்லாஸ்'. 'தீத்' நீண்டு, குரல் அங்கே மேலே ஏறுகிறது. சின்னப் பெண் பனிக்கட்டியை உடைக்கிறாள். அடுத்து, 'லப்-தித்-ப்ரீஸ் | ல-க்லாஸ்'. இப்போது 'தித்' குறுகி, 'ப்ரீஸ்' நீண்டு, ஏற்றம் அங்கே போய்விட்டது. இளங்காற்று அவளைச் சில்லிட வைக்கிறது. இரண்டிலும் நடுவில் நிறுத்தவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லையைக் காட்டுவது மௌனம் இல்லை, நீளமும் ஏற்றமும்தான். கற்பவர்கள் எல்லையில் வாயை மூடி நிறுத்துகிறார்கள், ஆனால் அசையை நீட்டுவதில்லை. அப்படிச் செய்தால் வாக்கியம் துண்டு துண்டாகிறதே தவிர, எல்லை தெளிவதில்லை.

எவ்வளவு நீட்டுவது? அதே வேகத்தில் பக்கத்தில் இருக்கும் சாதாரண அசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் உரக்கச் சொல்லக் கூடாது. ஆங்கிலம் போல அந்த அசையை அடித்துச் சொல்லி மற்றவற்றை விழுங்குவதும் கூடாது. குறில்கள் எல்லாம் ஒரே சீராக, ஒவ்வொன்றும் தன் உயிரை முழுமையாக வைத்துக்கொண்டு ஓட வேண்டும். 'ஷொகொலா' என்பதில் முதல் இரண்டு 'ஒ'வும் தெளிவான 'ஒ'தான். ஆங்கிலவழிக் கல்வியில் படித்து வந்த மாணவர்களுக்கு இதுதான் கடினம்; தமிழ் மட்டும் படித்தவர்களுக்கு இயல்பாக வந்துவிடுகிறது.

நீளம் பாதிக் கதைதான். அந்த நீண்ட அசைக்குள் குரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மீதிப் பாதி. ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'சனிக்கிழமை மதியம் என் அம்மா மரீயைச் சந்தையில் பார்த்தார்.' பிரெஞ்சில்:

சம்-தி-மி-தீ | ம-மெ-ர-வு-ம-ரீ | ஒ-மர்-ஷே

நான்கு, ஆறு, மூன்று அசைகள். முதல் தொகுதி சனிக்கிழமை மதியம். 'சம்தீ' என்றால் சனிக்கிழமை, 'மிதீ' என்றால் மதியம். சேர்ந்து வரும்போது முதல் 'தீ' குறுகுகிறது. நடுத் தொகுதியில் அம்மா, பார்த்தது, மரீ மூன்றும் அடக்கம். 'மேர்' என்ற தனிச் சொல் இங்கே 'மெ-ர' என்று உடைந்து, அதன் 'ர்' அடுத்த உயிரோடு போய்விட்டது. மூன்றாவது தொகுதி, சந்தையில்.

'சம்திமி' வரை குரல் ஒரே மட்டத்தில் போகிறது. 'தீ' வரும்போது அந்த நீளத்துக்குள்ளேயே குரல் வழுக்கி மேலே ஏறுகிறது, நன்றாகவே ஏறுகிறது. 'இன்னும் முடியவில்லை, கேளுங்கள்' என்பது அதன் பொருள். 'மமெரவும' மீண்டும் நடு மட்டத்துக்கு இறங்கித் தொடங்குகிறது, 'ரீ'யில் மறுபடி ஏற்றம், ஆனால் முன்னைவிடச் சின்னதாக. கடைசித் தொகுதியில் 'ஒமர்' என்று இறங்கத் தொடங்கி, 'ஷே' நீண்டு குரலின் அடித்தளத்தில் வந்து நிற்கிறது. இந்த வாக்கியத்தில் இறக்கம் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் முடிவில்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஒலியியலாளர் பியேர் தெலாத்ர், 1966இல் வெளிவந்த கட்டுரையில் பிரெஞ்சுப் பேச்சின் ஏற்ற இறக்கங்களைப் பத்து அடிப்படை வடிவங்களாகப் பிரித்தார். குரலின் உயரத்துக்கு 1 முதல் 4 வரை நான்கு படிகள் வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் நம் வாக்கியத்தின் முதல் தொகுதி 2இலிருந்து 4க்கு ஏறுகிறது, அது பெரிய தொடர்ச்சி. இரண்டாவது 2இலிருந்து 3க்கு, சிறிய தொடர்ச்சி. மூன்றாவது 2இலிருந்து 1க்கு, முடிவு. பின்னால் வந்த ஆய்வாளர்கள், உண்மையான பேச்சு இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை என்று காட்டியிருக்கிறார்கள், அது சரிதான். ஆனாலும் பேசத் தொடங்குபவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான வரைபடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மவர்கள் பலர் ஒவ்வொரு தொகுதி முடிவிலும் குரலை இறக்கிவிடுகிறார்கள். 'சனிக்கிழமை மதியம்.' புள்ளி. 'அம்மா மரீயைப் பார்த்தார்.' புள்ளி. 'சந்தையில்.' புள்ளி. பிரெஞ்சுக்காரர் இரண்டாவது இறக்கத்திலேயே நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவார். 'பேசவே விடமாட்டேன் என்கிறார்கள்' என்று குறைபட்டுக்கொள்ளும் பலருக்கு நடப்பது இதுதான். இத்தனைக்கும் ஏற்றம் நமக்குப் புதிது இல்லை. பாட்டி கதை சொல்லும்போது 'சந்தைக்குப் போயீ..., தக்காளி வாங்கீ..., வீட்டுக்கு வந்தூ...' என்று ஒவ்வொரு எச்சத்தையும் நீட்டி ஏற்றித்தான் சொல்வார். குறிலாக முடிய வேண்டிய எச்சம் அங்கே நெடிலாகிறது, குரல் மேலே போகிறது, யாரும் குறுக்கிடுவதில்லை. வகுப்பில் நான் இதைச் சொல்லவைத்துவிட்டு, அதே குரலில் பிரெஞ்சு வாக்கியத்தைச் சொல்லச் சொல்கிறேன். எந்த விளக்கத்தையும்விட இது சீக்கிரம் பலிக்கிறது.

கேள்வியில்தான் நாம் உண்மையாகவே தடுமாறுகிறோம், அதற்குக் காரணம் தமிழின் 'ஆ'. 'அம்மா மரீயைப் பார்த்தாங்களா?' என்பதில் அந்த 'ஆ' இருக்கும்வரை குரல் எப்படிப் போனாலும் அது கேள்விதான். பிரெஞ்சில் கேள்வியைக் குறிக்கும் சொற்கள் இருக்கின்றன, ஆனால் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறார்கள். 'எலெ-த-ப-ரீ' என்றால் அவள் பாரிஸில் இருக்கிறாள். கேள்வியாக்கினாலும் அதே 'எலெ-த-ப-ரீ'தான். சொல்லும் மாறாது, வரிசையும் மாறாது. 'ரீ' அடித்தளத்துக்கு இறங்கினால் செய்தி, உச்சிக்கு ஏறினால் கேள்வி. அந்த ஏற்றம் நடுவில் வரும் தொடர்ச்சி ஏற்றத்தைவிட உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். அரைகுறையாக ஏற்றினால், கேட்பவர் பதில் சொல்லாமல், நீங்கள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று காத்துக்கொண்டிருப்பார்.

எங்கே, எப்போது, யார் என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஏற்றம் வேண்டாம். 'உ-வ-ம-ரீ', மரீ எங்கே போகிறாள்? 'உ' என்ற வினாச்சொல்லில் குரல் உச்சியில் தொடங்கி, படிப்படியாக இறங்கி 'ரீ'யில் தரைக்கு வருகிறது. வினாச்சொல்லே கேள்வியைச் சொல்லிவிடுவதால் குரலுக்கு அந்த வேலை இல்லை. இங்கேயும் கடைசி அசை நீளுகிறது, இறங்கிக்கொண்டே நீளுகிறது.

பேச்சுப் பிரெஞ்சில் ஓயாமல் கேட்கும் இன்னொரு வடிவம், முதலில் செய்தியைச் சொல்லிவிட்டு யாரைப் பற்றி என்பதைப் பின்னால் ஒட்டவைப்பது. நாம் 'பாரிஸ்ல இருக்கா, மேரி' என்று சொல்வது போல. 'எலெதபரீ, மரீ.' செய்தி 'பரீ'யிலேயே முடிந்து குரல் தரைக்கு வந்துவிட்டது. பின்னால் வரும் 'மரீ' அந்தத் தரையிலேயே, ஏறாமல் இறங்காமல், முணுமுணுப்பு போலப் போகிறது. இதையே கேள்வியாகக் கேளுங்கள்: 'எலெதபரீ, மரீ?' குரல் 'பரீ'யிலேயே உச்சிக்கு ஏறிவிடுகிறது, 'மரீ' அந்த உச்சியிலேயே தட்டையாக நிற்கிறது. கடைசியில்தான் கேள்வி என்று நினைத்து 'பரீ'யைத் தட்டையாகச் சொல்லி 'மரீ'யில் ஏற்றினால், மரீயைப் பார்த்து 'அவள் பாரிஸில் இருக்கிறாள், அப்படித்தானே மரீ?' என்று விளித்துக் கேட்பது போல ஆகிவிடும்.

ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? 'அம்மா'தான் பார்த்தார், வேறு யாரும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை மட்டும் உரக்கச் சொன்னால் போதும். தமிழில் 'தான்' சேர்க்கிறோம். பிரெஞ்சில் தொகுதியின் நடுவில் இருக்கும் சொல்லுக்கு நீளம் கொடுக்க வழியில்லை, ஏனென்றால் நீளம் கடைசிக்கு மட்டுமே சொந்தம். ஆகவே நீளத்தைச் சொல்லிடம் கொண்டுபோகாமல், சொல்லையே நீளம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள்: 'செ-ம-மேர் | கி-ய-வு-ம-ரீ'. நேராகச் சொன்னால், 'அது என் அம்மா, மரீயைப் பார்த்தது'. முன்னே 'மெர' என்று கரைந்துபோயிருந்த அம்மா இங்கே தொகுதியின் கடைசிக்கு வந்து 'மேர்' என்று முழு நெடிலோடு நிற்கிறார். குரலின் உச்சமும் அங்கேதான், மீதி எல்லாம் தாழ்வாகப் போகிறது. இலக்கணப் புத்தகம் இதைத் தனி வாக்கிய அமைப்பாகக் கற்றுத்தரும். கடைசி அசைச் சட்டம் தெரிந்தவருக்கு, அந்த அமைப்பு இவ்வளவு அதிகமாகப் புழங்குவதன் காரணம் தானாகவே புரிந்துவிடும்.

இந்தச் சட்டத்துக்கு விலக்குகள் உண்டு. உணர்ச்சி பொங்கும்போதும், மேடையிலும் வானொலியிலும், சொல்லின் தொடக்கத்தில் ஒரு கூடுதல் தட்டு விழும். 'ஃபொர்-மி-தாப்ல்', பிரமாதம் என்பதில் 'ஃபொ' திடீரென்று உயரும். உயிருக்கு முன் உள்ள மெய்தான் அங்கே இறுகி நீளும், உயிர் அல்ல. கடைசியில் இருக்கும் 'தாப்ல்' தன் நீளத்தை விட்டுக்கொடுப்பதும் இல்லை. பிரான்சின் தெற்கில், மார்செய் பக்கம் பேசுபவர்கள், வடக்கில் உதிர்ந்துவிட்ட கடைசி உயிரை இன்னும் ஒலிக்கிறார்கள். 'ப்தீத்' அங்கே 'ப-தீ-த' என்று கேட்கும், நெடிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வால்.

அந்த வால் நமக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ் நாக்கு வல்லின மெய்யில் சொல்லை முடிக்க விரும்பாது, ஓர் 'உ' சேர்த்துவிடும். 'ப்தீத்' என்பதை 'பெத்தீத்து' என்றும் 'க்லாஸ்' என்பதைக் 'கிளாசு' என்றும் சொல்லிவிட்டால், கடைசி அசை 'து'வும் 'சு'வும் ஆகிவிடுகிறது. நீளம் நடுவில் மாட்டிக்கொள்கிறது, ஏற்றமோ இறக்கமோ நிகழ வேண்டிய அசையில் குறில் உட்கார்ந்திருக்கிறது. மார்செய்க்காரரின் வால் வேறு, இது வேறு. அவர் வட்டாரத்தில் அது எல்லாச் சொல்லிலும் வருவதில்லை. மெய்யில் நாக்கை வைத்து, மெதுவாக விட்டுவிட்டால் போதும்.

பயிற்சிக்கு நான் நம்புவது ஒரே ஒரு வழிதான். வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுவது. முன்னாலிருந்து தொடங்கினால், ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகத் தோன்றும், ஒவ்வொரு முடிவிலும் ஒரு நெடில் வந்து விழும். பின்னாலிருந்து கட்டும்போது நெடில் முதலிலேயே தன் இடத்தில் நிலைத்துவிடுகிறது, குறில்கள் ஒவ்வொன்றாக அதன் முன்னால் வந்து சேர்கின்றன. ரீ. பரீ. தபரீ. பிதபரீ. லபிதபரீ. இலபிதபரீ. ஒவ்வொரு முறையும் 'ரீ' அதே நீளத்தில், அதே இறக்கத்தில் முடிய வேண்டும். இது சரளமானதும் 'அவெக்மரீ', அதாவது மரீயோடு, என்ற தொகுதியை அப்படியே கட்டுங்கள்: ரீ, மரீ, வெக்மரீ, அவெக்மரீ. பிறகு இரண்டையும் சேருங்கள். இப்போது முதல் 'ரீ' இறங்கக் கூடாது, ஏற வேண்டும். இறக்கம் இரண்டாவது 'ரீ'க்குப் போய்விட்டது.

காதை நம்ப முடியாதவர்களுக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான Praat என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொன்ன வாக்கியத்தையும் நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தையும் பதிவு செய்து ஒன்றன் கீழ் ஒன்றாகத் திறந்தால், குரலின் உயரம் ஒரு கோடாக ஓடுவதைப் பார்க்கலாம். ஒலியின் அழகை அங்கே பார்க்க வேண்டாம், இரண்டே இரண்டைப் பாருங்கள். ஒன்று, உங்கள் கோடு எத்தனை முறை தரையைத் தொடுகிறது. சாதாரணச் செய்தி வாக்கியத்தில் அது ஒரு முறைதான் தொட வேண்டும். இன்னொன்று, தொகுதியின் கடைசி உயிரைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து அதன் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதியின் நடுவில் உள்ள ஓர் உயிரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் நீங்கள் எல்லையைக் காட்டவில்லை. நடு உயிர் நீளமாக இருந்தால், அது எந்தச் சொல்லில் என்று பாருங்கள். பெரும்பாலும் அது மேரியாகவோ பாரிஸாகவோ, தமிழில் நாம் ஏற்கெனவே நெடிலோடு பழகிய ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.